ஒரே ஒரு விடை என்று எப்படி நிரூபிப்பது? மைனஸ் 7-ஐ 3-ஆல் வகுத்தால் என்ன மீதி?

கையில லேப்டாப் இருந்தா ஒரு சின்ன வேலை செய்யுங்க. பைத்தானைத் திறந்து, மைனஸ் 7-ஐ 3-ஆல் வகுத்தா மீதி என்னன்னு கேளுங்க. அப்புறம் அதே கேள்வியை ஜாவாகிட்டயும் கேளுங்க. பஸ்ல போய்க்கிட்டே கேட்கிறவங்களுக்கு விடையை நானே சொல்லிடறேன்.

```
Python:  -7 % 3   →   2
Java:    -7 % 3   →  -1
```

ஒண்ணு 2, இன்னொண்ணு மைனஸ் 1. இப்ப உங்க பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை நினைச்சுப் பாருங்க. யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம்னு ஒண்ணு வரும். a = bq + r என்று எழுதினா, அந்த q-வும் r-உம் "தனித்த" எண்கள் என்று அதுல இருக்கும். தனித்த என்றால் ஒரே ஒரு ஜோடிதான், வேற கிடையாதுன்னு அர்த்தம். அப்படின்னா பைத்தான், ஜாவா ரெண்டுல ஒண்ணு தப்பா? இல்லை, தேற்றம் தப்பா?

ரெண்டும் இல்லை. ஏன் இல்லைங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். "ஒரே ஒண்ணுதான் இருக்கு" என்று கணிதத்துல சொன்னா அதுக்குள்ள என்னவெல்லாம் அடங்கியிருக்கு, அதை லாஜிக் மொழியில எப்படி எழுதுறது, எப்படி நிரூபிக்கிறது. இந்த மைனஸ் 7 கணக்கையே கடைசி வரைக்கும் கையில வெச்சுக்குவோம்.

ஒரு வாக்கியம், ரெண்டு வாக்குறுதி

"இந்தத் தெருவுல ஒரே ஒரு மெடிக்கல் ஷாப்தான் இருக்கு" என்று ஒருத்தர் சொல்றார். அவர் உண்மையில ரெண்டு விஷயம் சொல்றார். ஒண்ணு, கடை இருக்கு. ரெண்டு, ஒண்ணுக்கு மேல இல்லை. முதலாவது, குறைஞ்சது ஒண்ணு. ரெண்டாவது, அதிகபட்சம் ஒண்ணு. இது ரெண்டும் ஒண்ணையொண்ணு சாராத விஷயங்கள். ரெண்டு கடை இருக்கிற தெருவுல முதலாவது உண்மை, ரெண்டாவது பொய். கடையே இல்லாத தெருவுல முதலாவது பொய், ரெண்டாவது உண்மை. ஆமா, கடையே இல்லாத தெருவுலயும் "ஒண்ணுக்கு மேல இல்லை" என்பது உண்மைதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

இதை பிரெடிகேட் லாஜிக்ல எழுதலாம். P(x) என்றால் "x ஒரு மெடிக்கல் ஷாப்" என்று வெச்சுக்குவோம். குறைஞ்சது ஒண்ணு என்பது சுலபம்: ∃x P(x). அதிகபட்சம் ஒண்ணு என்பதை எப்படி எழுதுறது? லாஜிக்ல எண்ணுறதுக்கு எண்கள் கிடையாது. ஆனா சமக்குறி இருக்கு. அதனால இப்படிச் சொல்றோம்: நீ ஒரு கடையைக் காட்டு, நான் ஒரு கடையைக் காட்டறேன், ரெண்டும் ஒரே கடையாத்தான் இருக்கும்.

```
குறைஞ்சது ஒண்ணு:   ∃x P(x)
அதிகபட்சம் ஒண்ணு:  ∀x ∀y (P(x) ∧ P(y) → x = y)
```

இங்க ஒரு நுணுக்கம். x, y என்று ரெண்டு எழுத்து இருக்கிறதால ரெண்டு வேற பொருள்னு அர்த்தம் இல்லை. ரெண்டு பேரு ஒரே பொருளைக் குறிக்கலாம். ஒரே ஆளை வீட்டுல ஒரு பேர், ஆபீஸ்ல ஒரு பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று முடிக்க முடியுறதே இந்தச் சுதந்திரத்தாலதான்.

ரெண்டு வரியையும் சேர்த்துக் கொஞ்சம் சுருக்கினா, புத்தகங்கள்ல வழக்கமா வர்ற வடிவம் கிடைக்கும். இதுக்குத்தான் ∃! என்று ஒரு ஆச்சரியக்குறி போட்டுச் சுருக்கமா எழுதறோம்.

```
∃!x P(x)   என்றால்   ∃x ( P(x) ∧ ∀y (P(y) → y = x) )
```

வாசிச்சுப் பாருங்க: "ஒரு x இருக்கு. அது P. வேற எந்த y-ஐ எடுத்தாலும், அது P என்றால், அது இந்த x-தான்."

ஒரு துண்டு போனா என்ன ஆகும்

இந்த வரியில ஒரு துண்டு கழண்டாலும் அர்த்தம் மாறிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு தப்பான வடிவங்களைப் பார்ப்போம்.

முதல் தப்பு, நடுவுல இருக்கிற P(x)-ஐ விட்டுடறது: ∃x ∀y (P(y) → y = x). கடையே இல்லாத தெருவுக்குப் போங்க. ஒரு டீக்கடையைக் கையைக் காட்டி, "இதுதான் x" என்று சொல்லுங்க. "எந்த y மெடிக்கல் ஷாப்பா இருந்தாலும் அது இந்த டீக்கடைதான்" என்பது உண்மையா? எந்த y-யும் மெடிக்கல் ஷாப் இல்லையே, அதனால நிபந்தனையே வரலை, வாக்கியம் உண்மை. ஆக இந்த வடிவம் சொல்றது "அதிகபட்சம் ஒண்ணு" மட்டும்தான். பூஜ்ஜியத்தையும் உள்ளே விட்டுடுது.

ரெண்டாவது தப்பு இன்னும் மோசம்: ∃x ∀y (P(x) ∧ P(y) → x = y). கிட்டத்தட்ட சரி மாதிரி தெரியும், ஏன்னா "அதிகபட்சம் ஒண்ணு" வரியில முதல் ∀-ஐ மட்டும் ∃ ஆக்கியிருக்கோம். இப்ப பத்து மெடிக்கல் ஷாப் இருக்கிற தெருவுக்குப் போங்க. மறுபடி அதே டீக்கடையைக் காட்டுங்க. P(x) பொய். அதனால அம்புக்குறிக்கு இடது பக்கம் எப்பவும் பொய், முழு வாக்கியமும் உண்மை. பத்து கடை இருக்கிற தெருவும் பாஸ் ஆகிடுது. மெடிக்கல் ஷாப் இல்லாத பொருள் ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும், இந்த வாக்கியம் எதையுமே சொல்லாம உண்மையாகிடும்.

நீங்க ஒரு வடிவம் எழுதினீங்கன்னா அதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கு. ஒரு சின்ன உலகத்தை எடுங்க, மூணு பொருள் போதும். P பூஜ்ஜியம் பொருளுக்கு உண்மை, ஒரு பொருளுக்கு உண்மை, ரெண்டு பொருளுக்கு உண்மை என்று மூணு டெஸ்ட் கேஸ் ஓட்டுங்க. விடை பொய், உண்மை, பொய் என்று வரணும். முதல் தப்பு உண்மை, உண்மை, பொய் என்று வரும். ரெண்டாவது தப்பு மூணுலயும் உண்மைன்னு வரும். பிடிபட்டுடும்.

இப்ப வகுத்தல்

சரி, மைனஸ் 7-க்கு வருவோம். தேற்றத்தை முழுசா எழுதினா இதுதான்: a எந்த முழு எண்ணா இருந்தாலும், b பூஜ்ஜியத்தைவிடப் பெரிய எந்த முழு எண்ணா இருந்தாலும், ரெண்டு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யற முழு எண் ஜோடி (q, r) ஒண்ணே ஒண்ணு இருக்கு. முதல் நிபந்தனை a = bq + r. ரெண்டாவது நிபந்தனை 0 ≤ r < b. இதுல q-வை ஈவுன்னும் r-ஐ மீதின்னும் சொல்றோம்.

ரெண்டு வாக்குறுதி, அதனால ரெண்டு நிரூபணம். முதல்ல இருப்பு. மைனஸ் 7-ல இருந்து மூணு மூணா ஏறுங்க, இறங்குங்க. மைனஸ் 7, மைனஸ் 4, மைனஸ் 1, 2, 5, 8 என்று போகும். இதுல குறை எண்கள் அல்லாதவற்றில் மிகச் சிறியது எது? 2. அதுதான் r. பொதுவா ஏன் இது b-ஐவிடச் சின்னதா இருக்கும்? r ஒருவேளை b அல்லது அதைவிடப் பெரிசுன்னா, r-ல இருந்து இன்னொரு b-ஐக் கழிக்கலாம், அப்பவும் குறை எண் ஆகாது. ஆனா r-தான் மிகச் சிறியதுன்னு சொல்லித்தான் எடுத்தோம். முரண்பாடு. ஆக ஒரு ஜோடி நிச்சயம் இருக்கு.

அடுத்தது தனித்தன்மை. நிறைய பேர் இங்க இப்படி நினைப்பாங்க: "நான்தான் ஒரு வழியில தேடி விடையைக் கண்டுபிடிச்சுட்டேனே, அந்த வழியில ஒரே விடைதான் வந்தது, அப்ப தனித்துவமானதுதான்." இது நிரூபணம் ஆகாது. நீங்க போன வழியில ஒண்ணு கிடைச்சது, அவ்வளவுதான். வேற வழியில வேற ஒண்ணு கிடைக்காதுன்னு இன்னும் சொல்லலை. அதனால விடையை எப்படிக் கண்டுபிடிச்சோம் என்பதை மறந்துட்டு, "அதிகபட்சம் ஒண்ணு" வரியை அப்படியே பின்பற்றணும். ரெண்டு பேர் ரெண்டு ஜோடியோட வர்றாங்க: (q, r), (q′, r′). ரெண்டும் ரெண்டு நிபந்தனையையும் பூர்த்தி செய்யுது. ரெண்டும் வேறன்னு நாம சொல்லலை, ஒண்ணுன்னும் சொல்லலை.

```
bq + r = bq′ + r′
b(q − q′) = r′ − r
```

ரெண்டாவது வரியை நல்லாப் பாருங்க. இடது பக்கம் b-யின் ஒரு மடங்கு. அதனால வலது பக்கமும் b-யின் மடங்கு. ஆனா r, r′ ரெண்டும் 0-விலிருந்து b − 1 வரைக்குமான எண்கள். அவற்றோட வித்தியாசம், குறிய விட்டுட்டுப் பார்த்தா, அதிகபட்சம் b − 1. அளவுல b-ஐவிடச் சின்னதா இருக்கிற b-யின் மடங்கு எது? பூஜ்ஜியம் மட்டும்தான். ஆக r′ = r. அப்ப b(q − q′) = 0, b பூஜ்ஜியம் இல்லை, அதனால q = q′. முடிஞ்சது.

கவனிச்சீங்களா, இந்த நிரூபணத்துல "ரெண்டும் வேறன்னு வெச்சுப்போம், முரண்பாடு" என்று எங்கயும் வரலை. அப்படியும் எழுதலாம், தப்பில்லை. ஆனா தேவையில்லை. ரெண்டை எடுத்தோம், நேரா நடந்து சமக்குறியில போய் நின்னோம்.

ஜாவா எந்த வரியில விலகுது

இப்ப மைனஸ் 1-ஐ எடுத்துக்குவோம். −7 = 3 × (−2) + (−1). முதல் நிபந்தனை பூர்த்தி. ஆனா மைனஸ் 1 பூஜ்ஜியத்தைவிடச் சின்னது, அதனால ரெண்டாவது நிபந்தனை உடையுது. ஜாவா வேற ஒரு நிபந்தனை வெச்சிருக்கு: மீதியோட அளவு b-யோட அளவைவிடச் சின்னதா இருக்கணும், அதோட மீதி பூஜ்ஜியம் இல்லைன்னா அதோட குறி a-யோட குறியா இருக்கணும். பைத்தானும் தனக்குன்னு ஒரு நிபந்தனை வெச்சிருக்கு: மீதியோட குறி b-யோட குறியா இருக்கணும். மூணாவதா நம்ம தேற்றம், மீதி எப்பவும் குறை எண்ணா இருக்கக்கூடாதுங்குது. மூணுலயும் விடை தனித்துவமானதுதான். ஆனா மூணும் வேற வேற வாக்கியங்கள். P மாறிடுச்சு, அதனால அந்த "ஒரே ஒண்ணு"-ம் மாறிடுச்சு.

சரி, குறியைப் பத்தி எதுவுமே சொல்லாம, "மீதியோட அளவு b-ஐவிடச் சின்னது" என்று மட்டும் விட்டா? அதாவது 0 ≤ r < b என்பதை |r| < b என்று தளர்த்தினா? நிரூபணத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்போம். r′ − r இன்னும் b-யின் மடங்குதான். ஆனா இப்ப ரெண்டு எண்களும் −(b − 1)-லிருந்து b − 1 வரைக்கும் இருக்கலாம். வித்தியாசம் 2b − 2 வரைக்கும் போகலாம். அதனால "பூஜ்ஜியம் மட்டும்தான்" என்ற படி உடையுது. வித்தியாசம் 0 ஆகவும் இருக்கலாம், b அளவாகவும் இருக்கலாம். நம்ம 2-க்கும் மைனஸ் 1-க்கும் வித்தியாசம் 3. சரியா b.

நிரூபணம் உடைஞ்ச இடமே எத்தனை விடைன்னும் சொல்லிடுது. அதிகபட்சம் ரெண்டு. b, a-வை மீதி இல்லாம வகுத்தா மட்டும் ஒண்ணு, மத்த எல்லா நேரமும் சரியா ரெண்டு.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. சி மொழியோட 1989 தரநிலை கிட்டத்தட்ட இந்தத் தளர்ந்த வடிவத்துலதான் இருந்தது. வகுக்கிற எண், வகுபடுற எண் ரெண்டுல ஏதாவது ஒண்ணு குறை எண்ணா இருந்தா, ஈவை மேலே ஏத்தறதா கீழே இறக்கறதான்னு கம்பைலர் எழுதறவங்க கையில விட்டுட்டாங்க. (a/b)*b + a%b என்பது a-வுக்குச் சமமா இருந்தா போதும். அதாவது இருப்பு உண்டு, தனித்தன்மை கிடையாது. ஒரே புரோகிராம் ரெண்டு கம்பைலர்ல ரெண்டு விடை தரலாம், ரெண்டுமே தரநிலைப்படி சரி. 1999 தரநிலையிலதான் ஈவைப் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டணும்னு சொல்லி, அந்த ஓட்டையை அடைச்சாங்க.

நம்ம கோடுல இது எங்க கடிக்கும்? ஜாவாவில ஒரு எண் ஒற்றைப்படையான்னு பார்க்க `n % 2 == 1` என்று எழுதினா, மைனஸ் 3 ஒற்றைப்படை இல்லைன்னு வரும், ஏன்னா அங்க மீதி மைனஸ் 1. `n % 2 != 0` என்று எழுதினா பிரச்சினை இல்லை. ஹாஷ் மதிப்பை அரே அளவால வகுத்து மீதியை இண்டெக்ஸா எடுத்தா, குறை எண் இண்டெக்ஸ் வந்து விழும். அதுக்குத்தான் `Math.floorMod` இருக்கு. b மிகை எண்ணா இருக்கிற வரைக்கும் அது நம்ம தேற்றத்தோட r-ஐயே தரும்.

ஜோடிக்கு ∃! எழுதும்போது

கடைசியா ஒரு பொறி. நம்ம தேற்றம் q, r என்று ஒரு ஜோடியைப் பத்திப் பேசுது. அதை ∃!q ∃!r என்று ரெண்டு ∃!-ஐ அடுத்தடுத்துப் போட்டு எழுதிடலாமா? கை அப்படித்தான் போகும், ஏன்னா ∃q ∃r என்று தாராளமா எழுதிப் பழகியிருக்கோம். ஆனா இது வேற அர்த்தம்.

ஆபீஸ் கேண்டீன்ல ரெண்டு பேர். மாலா டீ மட்டும் குடிப்பாங்க. குமார் டீயும் குடிப்பார், காபியும் குடிப்பார். "சரியா ஒரே ஒரு பானம் குடிக்கிற ஆள், சரியா ஒரே ஒருத்தர் இருக்கார்." உண்மையா? உண்மை, மாலா. இதுதான் ∃!x ∃!y. ஆனா ஆள், பானம் என்ற ஜோடிகளை எண்ணினா மூணு வருது. ஒரே ஒரு ஜோடி இல்லவே இல்லை. உள்ளே இருக்கிற ∃!, குமாரைக் கணக்குலயே எடுக்காம வெளியே தள்ளிடுது. வெளியே இருக்கிற ∃! அவரைப் பார்க்கவே இல்லை.

நம்ம வகுத்தல்ல இந்தப் பொறி தற்செயலா கடிக்காது, ஏன்னா q தெரிஞ்சா r = a − bq என்று தானா முடிவாகிடும். ஆனா பழக்கத்தை அதை நம்பி வெச்சுக்கக்கூடாது. சரியான வடிவம், ஜோடியை ஒரே பொருளா எடுத்து எழுதறது. D(q, r) என்றால் ரெண்டு நிபந்தனையும் பூர்த்தின்னு வெச்சுக்கோங்க.

```
∃q ∃r ( D(q,r) ∧ ∀s ∀t ( D(s,t) → s = q ∧ t = r ) )
```

நிரூபணங்களைக் கம்ப்யூட்டர்ல சரிபார்க்கிற லீன் என்ற மொழியில, மேத்லிப் என்று ஒரு பெரிய கணித நூலகம் இருக்கு. அதுல ஒரே ∃!-க்குப் பின்னாடி ரெண்டு மாறிகளைப் போட்டா ஏத்துக்காது, எர்ரர் காட்டும். எந்த அர்த்தத்துல சொல்றீங்கன்னு நீங்களே தெளிவா எழுதுங்கன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன். "மைனஸ் 7-ஐ 3-ஆல் வகுத்தால் வரும் மீதி" என்று ஒரு பேர் வெச்சுப் பேசுறோமே, அந்தப் பேரை வைக்கிற உரிமையே இந்த ரெண்டு வாக்குறுதியில இருந்துதான் வருது. இருப்பு இல்லைன்னா அந்தப் பேருக்குப் பொருள் இல்லை. தனித்தன்மை இல்லைன்னா அந்தப் பேர் எதைக் குறிக்குதுன்னு தெரியாது. % என்பது ஒரு ஃபங்ஷனா இருக்கணும்னா ரெண்டும் வேணும்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். b குறை எண்ணா இருந்தா, 0 ≤ r < b என்பதைப் பூர்த்தி செய்ய எந்த r-உம் கிடைக்காது. அதை 0 ≤ r < |b| என்று மாத்துங்க. மேலே பார்த்த தனித்தன்மை நிரூபணத்தை வரிக்கு வரி மறுபடி எழுதி, எந்த வரியில என்ன மாறுதுன்னு பாருங்க. அப்புறம் 7-ஐ மைனஸ் 3-ஆல் வகுங்க. இந்தத் தடவை தேற்றத்தோட விடை 1. அதோட ஒத்துப்போறது ஜாவா, மைனஸ் 2 என்று விலகிப் போறது பைத்தான். ஏன்னு உங்களால இப்ப சொல்ல முடியும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.